பழைய வாட்ச்சின் டயல் அசலா, மறுபூச்சா? கண்டுபிடிப்பதும் விலை போடுவதும்

பழைய கைக்கடிகாரத்தில் உள்ளிருக்கும் இயந்திரமான மூவ்மென்ட் ஓடவில்லையென்றால் ஓட வைக்கலாம். கண்ணாடி கீறியிருந்தால் மாற்றலாம். சாவி தேய்ந்திருந்தால் வேறு போடலாம். இவற்றில் எதுவும் வாட்ச்சின் மதிப்பைப் பெரிதாகக் குலைப்பதில்லை. டயலை ஒருமுறை சுரண்டி மறுபடி பெயின்ட் அடித்துவிட்டால் மட்டும் திரும்பிப்போக வழி கிடையாது. அதனால்தான் சேகரிப்பவர்கள் வாட்ச்சைக் கையில் வாங்கியதும் முதலில் டயலைப் பார்க்கிறார்கள்.

நம் ஊரில் இதற்குத் தனிக் காரணமும் உண்டு. 1950, 60-களில் இங்கே விற்ற ஒமேகா, ஃபாவ்ர் லூபா, வெஸ்ட் எண்ட் போன்ற சுவிஸ் வாட்ச்சுகள் பலவற்றில் தண்ணீர் புகாத கேஸ் இல்லை. வியர்வையும் கடலோர ஈரமும் சேர்ந்து பத்துப் பதினைந்து வருடத்தில் டயலைக் கறுக்கடித்தன. ரிப்பேர் கடைக்காரர் சர்வீஸோடு டயலையும் ‘புதுசாக்கி’க் கொடுத்தார். அன்று அது ஏமாற்று அல்ல, வாடிக்கையாளர் கேட்டு வாங்கிய வேலை. இன்று அதே வாட்ச்சுகளும், விற்பதற்காகவே மும்பையில் கலர் கலராகப் பூசப்பட்டவையும் ‘ஒரிஜினல் டயல், மின்ட் கண்டிஷன்’ என்ற வரியோடு இணையத்தில் விற்பனைக்கு நிற்கின்றன. எச்எம்டி பைலட், ஜனதா போன்ற நம் வாட்ச்சுகளும் தப்பவில்லை. தொழிற்சாலை ஒருநாளும் வெளியிடாத நிறங்களிலெல்லாம் அவை கிடைக்கின்றன.

1960-களின் ஒமேகா சீமாஸ்டரை உதாரணமாக எடுத்துக்கொள்கிறேன். இங்கே அதிகம் புழங்குவது, அதிகம் மறுபூச்சு ஆவது, ஒப்பிட்டுப் பார்க்கப் படங்கள் தாராளமாகக் கிடைப்பது அதுதான்.

அசல் டயல் எப்படி உருவானது

சோதனைகளை மனப்பாடம் செய்வதைவிட, தொழிற்சாலையும் பூச்சுக் கடையும் ஒரே வேலையை எப்படி வேறுவேறாகச் செய்தன என்று புரிந்துகொள்வது மேல். அது புரிந்தால் சோதனைகள் தானாக விளங்கும்.

அசல் டயல் ஒரு மெல்லிய பித்தளைத் தகடு. பின்பக்கம் அதை மூவ்மென்ட்டில் பொருத்த இரண்டு சிறு கால்கள். தகட்டின் முகத்தை மிக நுண்ணிய கோடுகளாகத் தேய்த்து, வெள்ளிப் பூச்சோ வேறு மின்முலாமோ ஏற்றி, மேலே தெளிவான லேக்கர் அடித்தார்கள். எழுத்துகளும் நிமிடக் கோடுகளும் பேட் பிரின்டிங் முறையில் வந்தன. உலோகத் தகட்டில் எழுத்தைச் செதுக்கி, அந்தப் பள்ளத்தில் மை நிரப்பி, மெத்தென்ற ஒரு குமிழால் மையை எடுத்து டயலில் ஒற்றுவார்கள். தேவைப்பட்டால் ஒற்றிய இடத்திலேயே மறுபடி ஒற்றுவார்கள். அதனால் எழுத்து டயலிலிருந்து சற்றே எழும்பி, ஓரம் வெட்டினாற்போல் நிற்கும். அந்தந்த மாடலுக்கென்றே செதுக்கிய தகடு என்பதால் எழுத்தின் வடிவம் எல்லா டயலிலும் ஒன்றுபோல் இருக்கும்.

பூச்சுக் கடையில் நடப்பது வேறு. பழைய லேக்கரையும் அச்சையும் ரசாயனத்தில் கரைத்து, கறை போகும்வரை பாலிஷ் போடுவார்கள். அந்த பாலிஷில் முகத்தின் நுண்கோடுகளும் பாதி போய்விடும். பிறகு ஸ்பிரே பெயின்ட். கடைசியில், கையில் இருக்கும் பொதுவான தகட்டால் பெயரை ஒற்றுவார்கள். சீமாஸ்டர் என்ற எழுத்துக்குத் தகடு இருக்கும். மிகச் சிறிய ‘சுவிஸ் மேட்’ எழுத்துக்குப் பல கடைகளில் இருக்காது. பிழைகள் பெரும்பாலும் இந்த மூன்று இடங்களில்தான் விழுகின்றன: முகத்தின் தேய்ப்பு, பெயின்ட்டின் தடிமன், எழுத்தின் வடிவம்.

முதல் படி: வாட்ச்சின் வயதை முடிவு செய்யுங்கள்

டயலைப் பார்ப்பதற்கு முன்பே இது வேண்டும். விற்பவரிடம் மூவ்மென்ட்டின் படமும், கேஸ் மூடியின் உட்புறப் படமும் கேளுங்கள். ஒமேகா மூவ்மென்ட்டில் வரிசை எண் பொறித்திருக்கும். 1 கோடியே 70 லட்சத்தில் தொடங்கினால் ஏறக்குறைய 1959-60. 2 கோடியில் தொடங்கினால் 1963-ஐ ஒட்டி. 2 கோடியே 40 லட்சம் என்றால் 1966-67. மூடியின் உள்ளே இருக்கும் எண் கேஸின் மாடலைச் சொல்லும். அந்த மாடல் எண்ணை வைத்துத் தேடி, ஏலக் கூடங்களும் நல்ல வியாபாரிகளும் வெளியிட்ட படங்களில் குறைந்தது ஏழெட்டைச் சேர்த்து வைத்துக்கொள்ளுங்கள். ஒரே படத்தை நம்பினால் அதுவே மறுபூச்சாக இருக்கலாம். மூவ்மென்ட் படம் தர மறுப்பவரிடம் மேற்கொண்டு பேசுவதில் பயனில்லை.

இரண்டாம் படி: வெறும் கண்ணால் எழுத்தையும் கோட்டையும் பாருங்கள்

நேராக எடுத்த படத்தை போனில் பெரிதாக்கி, 12-லிருந்து 6 வரை ஒரு நேர்கோடு கற்பனை செய்யுங்கள். ஒமேகா சின்னத்தின் நடு, முள் நிற்கும் மையத் துளை, சீமாஸ்டர் எழுத்தின் நடு, 6 மணியைக் குறிக்கும் பட்டை எல்லாம் அந்தக் கோட்டில் விழ வேண்டும். பூச்சுக் கடையில் எழுத்தைத் தனித்தனியாக ஒற்றுவதால் ஒன்று இடமும் இன்னொன்று வலமும் நகர்ந்திருக்கும்.

அடுத்து சீமாஸ்டர் என்ற எழுத்தில் முதல் எஸ். ஒமேகாவின் எஸ் ஒரே வீச்சில் எழுதியதுபோல் இருக்கும். கோடு தடிமனாகும் இடமும் மெலியும் இடமும் படத்துக்குப் படம் மாறாது. மறுபூச்சில் அது முழுக்க ஒரே தடிமனில் போகும், அல்லது வளைவு குட்டையாகிவிடும். நீங்கள் சேர்த்த படங்களோடு இந்த ஓர் எழுத்தை ஒப்பிட்டாலே சுமாரான மறுபூச்சுகள் பெரும்பாலும் பிடிபட்டுவிடும்.

பிறகு நிமிடக் கோடுகள். ஒவ்வொரு மணிப் பட்டையின் நடுவிலும் அதற்குரிய நிமிடக் கோடு நிற்கிறதா? கோடுகள் டயலின் விளிம்பிலிருந்து சுற்றிலும் ஒரே தூரத்தில் இருக்கின்றனவா? தேதிச் சன்னல் இருந்தால், அச்சுக் கோடு சன்னலின் சட்டத்தின்மேல் ஏறியிருக்கிறதா? தொழிற்சாலையில் சன்னலுக்கு இடம் விட்டே தகடு செதுக்கினார்கள். பூச்சுக் கடைக்காரர் முழு வட்டத்தை ஒற்றுவதால் சன்னலின் ஓரத்தில் கோடு மோதி நிற்கும்.

கடைசியாக 6 மணிக்குக் கீழே, விளிம்பை ஒட்டி ‘சுவிஸ் மேட்’. அது இல்லாவிட்டாலோ, பெரிதாக மேலே ஏறி நின்றாலோ சந்தேகம் வலுக்கிறது. ஆனால் ஓர் எச்சரிக்கை: கேஸின் உள்வளையம் அந்த எழுத்தைப் பாதி மறைக்கும் மாடல்கள் உண்டு. படத்தில் தெரியவில்லை என்ற ஒன்றை வைத்து மட்டும் தீர்ப்பு எழுதாதீர்கள்.

மூன்றாம் படி: 10 மடங்கு லென்ஸும் பக்கவாட்டு வெளிச்சமும்

வாட்ச் கையில் இருந்தால் ரிப்பேர்காரர்கள் கண்ணில் இடுக்கிக்கொள்ளும் 10 மடங்கு லென்ஸ் போதும். கண்ணாடி கீறியிருந்தால் அதை முதலில் பாலிஷ் போடச் சொல்லுங்கள். கீறல் வழியாகப் பார்த்து எதுவும் சொல்ல முடியாது. விளக்கை மேலிருந்து காட்டாமல், மேஜை மட்டத்திலிருந்து டயலின் மேல் படர விடுங்கள்.

அசல் அச்சு அந்த வெளிச்சத்தில் எழும்பி நிற்பது தெரியும். மறுபூச்சில் எழுத்தின் ஓரம் கசிந்து, மூலைகள் உருண்டு, ‘ஏ’, ‘இ’ போன்ற ஆங்கில எழுத்துகளின் உள் இடைவெளி மையால் அடைந்திருக்கும். அச்சைவிட முகம்தான் அதிகம் பேசும். சூரியக் கதிர்போல மையத்திலிருந்து விரியும் தேய்ப்பு அசலில் கூர்மையாக, விளக்கை நகர்த்தும்போது கூடவே சுழலும். அதன்மேல் தடிப்பாகப் பெயின்ட் ஏறினால் கதிர் மங்கும். ஆரஞ்சுத் தோல்போன்ற மேடுபள்ளமும், பெயின்ட்டுக்குள் சிக்கிய தூசியும் தெரியும். பழைய அரிப்பை முழுதாகத் தேய்க்காமல் பூசியிருந்தால் கொப்புளம்போல் புள்ளிகள் எழும்பும்.

மணிப் பட்டைகளின் அடிப்பகுதியையும் பாருங்கள். பட்டையைக் கழற்றாமல் பூசியவர்கள் அதன் காலடியில் பெயின்ட் தேங்க விட்டிருப்பார்கள். விலை கூடிய சில ஒமேகா டயல்களில் பட்டைக்குள் ஓனிக்ஸ் கல் பதித்திருக்கும். அந்தக் கறுப்பு, பளபளப்பான கல்லா, பிறகு தடவிய பெயின்ட்டா என்பது லென்ஸில் தெளிவாகத் தெரியும். தேதிச் சன்னலின் வெட்டு ஓரமும் மையத் துளையின் ஓரமும் கூர்மையாக இருக்க வேண்டும். பெயின்ட் வழிந்து உருண்டிருந்தால் அது தொழிற்சாலை வேலை இல்லை.

கறுப்பு டயலில் தங்க நிற எழுத்து இருந்தால் இன்னும் உறுதியான சோதனை ஒன்று உண்டு. 1960-களின் நடுப்பகுதி வரை ரோலெக்ஸ் உட்படப் பலர் செய்த கில்ட் டயல்களில் எழுத்தை மேலே அச்சடிக்கவில்லை. எழுத்து வரும் இடத்தைக் கறுப்பு படியாமல் காத்து, அடியிலிருக்கும் உலோகத்தையே தெரிய விட்டார்கள். எனவே எழுத்து கறுப்புக்குக் கீழே, பள்ளத்தில் இருக்கும். மறுபூச்சில் தங்க மை கறுப்புக்கு மேலே மேடாக நிற்கும். இதைப் பக்கவாட்டு வெளிச்சத்தில் ஒருமுறை பார்த்துவிட்டால் பிறகு ஏமாறமாட்டீர்கள்.

முதுமை எங்கே தெரிகிறது என்பதும் முக்கியம். ஈரம் கண்ணாடியின் ஓரம் வழியாகவும் சாவியின் வழியாகவும்தான் உள்ளே போகிறது. எனவே அசல் டயல் விளிம்பிலும் 3 மணிப் பக்கத்திலும் முதலில் நிறம் மாறும். வார் மாட்டும் கேஸின் கொம்புகள் தேய்ந்து உருண்டிருக்கும்போது டயல் மட்டும் விளிம்பு வரை மாசில்லாமல் பளிச்சென்று இருந்தால், நன்றாகப் பாதுகாத்தார்கள் என்ற பதிலை அப்படியே ஏற்காதீர்கள்.

நான்காம் படி: இருட்டில் ஒளிரும் பூச்சு

டயலில் ஒளிர் புள்ளிகள் இருந்தால் அவையே காலத்தைக் காட்டிக்கொடுக்கும். 1960-களின் தொடக்கம் வரை ரேடியம், அதன்பின் டிரிடியம். டிரிடியம் போட்ட டயலில் ‘சுவிஸ் மேட்’ எழுத்தின் இருபுறமும் டிரிடியத்தின் முதல் ஆங்கில எழுத்தான ‘டி’ சேர்ந்தது. ஒமேகாவில் 1963-ஐ ஒட்டி இது வழக்கமாகத் தொடங்கியது. 1990-களின் இறுதியில் கதிரியக்கம் இல்லாத லூமினோவா வந்ததும் ‘டி’ மறைந்தது.

டிரிடியத்தின் அரைவாழ்வு 12.3 ஆண்டு. 1965-இல் பூசியது இன்று தானாக ஒளிராது. இருட்டறையில் புற ஊதா டார்ச்சைச் சில விநாடி காட்டி அணையுங்கள். பழைய டிரிடியம் வெளிச்சம் படும்போது மின்னி, அணைத்ததும் சட்டென மங்கும். நிமிடக்கணக்கில் ஒளிர்ந்தால் புதுப் பொருள். டயலின் புள்ளிகள் வெள்ளையாகவும் முள்ளின் பூச்சு பழுப்பாகவும் இருந்தால் இரண்டில் ஒன்று பிறகு வந்தது. டயல் அசலாக இருந்து முள்ளை மட்டும் மாற்றியிருக்கவும் வாய்ப்புண்டு.

ரேடியத்தின் அரைவாழ்வு 1,600 ஆண்டு. ஒளி செத்தாலும் கதிர்வீச்சு சாகவில்லை. கதிர்வீச்சைக் கண்டறியும் கைகர் கருவியைக் கண்ணாடிமேல் வைத்தால் ரேடியத்துக்குச் சத்தம் போடும். டிரிடியத்தின் கதிர் கண்ணாடியைத் தாண்டாததால் கருவி சும்மா இருக்கும். 1950-களின் டயல், ‘டி’ இல்லை, பழுப்பான புள்ளிகள், ஆனால் கருவி அமைதி என்றால் புள்ளிகள் பழசுபோல் தெரியச் சாயம் கலந்து மறுபடி வைத்தவை. ஒன்று மட்டும் கண்டிப்பு: ரேடியம் டயலை வீட்டில் திறக்கவோ சுரண்டவோ வேண்டாம். உதிரும் தூள் மூச்சில் போவதுதான் ஆபத்து.

ஐந்தாம் படி: டயலின் முதுகு

முந்தைய படிகளின் முடிவுகள் ஒன்றுக்கொன்று முரண்பட்டால் மட்டும் இதற்கு வாருங்கள். பழக்கமான வாட்ச்மேக்கர்தான் டயலைக் கழற்ற வேண்டும். முள்ளை எடுக்கும்போது கை தவறினால் அசல் டயலே கீறிப்போகும். முதுகில் பார்க்க வேண்டியவை சில. டயல் செய்த நிறுவனத்தின் முத்திரை, முன்பக்கத்திலிருந்து ஓரம் தாண்டி வழிந்த பெயின்ட், கூரிய ஊசியால் கீறிய வேலை எண்கள். கால்கள் வெல்டில் நிற்கின்றனவா, பசையில் ஒட்டியவையா என்பதும் தெரியும். விளிம்பில் சிறு வெட்டு இருந்தால் அது அச்சை நேர்படுத்தப் பூச்சுக் கடை போட்ட அடையாளமாக இருக்கலாம். சில தொழிற்சாலை டயல்களிலும் வெட்டு உண்டு என்பதால் இது தனிச் சாட்சியாகாது.

ஒரு வாட்ச்சை முழுதாகப் பார்ப்போம்

ஸ்டீல் சீமாஸ்டர், தேதியுடன் கூடிய ஆட்டோமேட்டிக், மூவ்மென்ட் 562 காலிபர், 24 ஜுவல். வரிசை எண் 2 கோடியில் தொடங்குகிறது, எனவே 1963 வாக்கில். டயல் ஆழ்ந்த நீலம், கதிர் தேய்ப்பு, ஒட்டிய மணிப் பட்டைகள், பட்டைகளின் நுனியில் வெள்ளைப் புள்ளிகள்.

அந்த மாடல் எண்ணுக்குக் கிடைத்த படங்களில் வெள்ளியும் கறுப்பும்தான் திரும்பத் திரும்ப வருகின்றன, நீலம் இல்லை. இது சந்தேகம், முடிவு அல்ல. எஸ் எழுத்து ஒரே தடிமன். 15-ஆவது நிமிடக் கோடு தேதிச் சன்னலின் சட்டத்தில் ஏறியிருக்கிறது. ‘சுவிஸ் மேட்’ இருக்கிறது, ‘டி’ இல்லை. 1963 மாறும் காலம் என்பதால் ‘டி’ இல்லாததை மன்னிக்கலாம். ஆனால் புள்ளிகள் புற ஊதாவுக்குப் பிறகும் ஒளிர்ந்துகொண்டே இருக்கின்றன, முள்ளின் பூச்சோ பழுப்பாகிச் செத்திருக்கிறது. லென்ஸில் பட்டைகளின் காலடியில் நீலம் தேங்கியிருக்கிறது. தனித்தனியே எடுத்தால் ஒவ்வொன்றுக்கும் ஒரு சாக்கு சொல்லலாம். எழுத்து, கோடு, ஒளிர்பூச்சு, பெயின்ட் நான்கும் ஒரே பக்கம் கை காட்டும்போது சாக்குக்கு இடமில்லை. இது மறுபூச்சு. மூவ்மென்ட்டும் கேஸும் அசல். முதுகைப் பார்க்கத் தேவையே வரவில்லை.

விலை எப்படிப் போடுவது

பலரும் ‘மறுபூச்சு என்றால் பாதி விலை’ என்று ஒரு வாய்ப்பாடு சொல்வார்கள். நான் அதைப் பின்பற்றுவதில்லை. டயல் இல்லாத வாட்ச்சை வாங்குகிறேன் என்று வைத்துக் கணக்குப் போடுகிறேன்.

மேலே பார்த்த மாடல் அசல் டயலோடு 60,000 ரூபாய்க்கு உண்மையில் விற்று முடிந்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். கேட்கும் விலையை எடுக்காதீர்கள். விற்று முடிந்த விலையே கணக்கு. அதே மாடலுக்குச் சரியான அசல் டயல் தனியாக 18,000 ரூபாய்க்குக் கிடைக்கிறது, பொருந்தும் முள் 4,000, மாற்றும் கூலி 3,000 என்றால் 25,000 கழித்து 35,000 வருகிறது. தேடும் அலைச்சலுக்கும், வரும் டயல் சரியாக இல்லாமல் போகும் அபாயத்துக்கும் இன்னும் கொஞ்சம் குறைத்து 30,000-க்குள் முடித்தால் நியாயம். அந்த டயல் சந்தையில் கிடைக்கவே கிடைக்காது என்றால் மாற்றி வாங்கும் வாய்ப்பே இல்லை. கேஸுக்கும் மூவ்மென்ட்டுக்கும் உள்ள விலைதான் வாட்ச்சின் விலை. மறுபூச்சு அழகாக இருக்கிறது என்பதற்காக இந்தக் கணக்கில் ஒரு ரூபாயும் ஏறக்கூடாது.

விலையில் டயலுக்கு உள்ள பங்கு வாட்ச்சுக்கு வாட்ச் மாறும். சாதாரண தங்க முலாம் டிரஸ் வாட்ச்சில், கட்டிக்கொள்ளத்தான் வாங்குகிறேன் என்பவருக்கு நல்ல மறுபூச்சு பெரிய குறையில்லை. விலை மேலே ஏற ஏற நிலைமை தலைகீழாகும். ரோலெக்ஸ் டேடோனா 6239 மாடலில் சாதாரண டயலும் உண்டு, ‘பால் நியூமன்’ என்று பெயர் பெற்ற டயலும் உண்டு. கேஸும் மூவ்மென்ட்டும் ஒன்றே, ஆனால் இரண்டாவது வகை பல மடங்கு விலை போகிறது. ஹாலிவுட் நடிகர் நியூமன் கட்டிய அதே 6239, 2017 அக்டோபர் 26 அன்று நியூயார்க்கில் ஃபிலிப்ஸ் ஏலத்தில் 1 கோடியே 77 லட்சம் டாலருக்கு மேல் போனது. அதில் அவர் பெயரின் பங்கு பெரிது என்றாலும், அந்த வகை டயலுக்காகவே போலிகள் உருவாகின்றன என்பதைக் கவனிக்க வேண்டும்.

இன்னொரு வகையையும் மறுபூச்சோடு குழப்பக்கூடாது. 1965 வாட்ச்சில் ‘டி’ இல்லாத, லூமினோவா போட்ட, அச்சு குறையற்ற டயல் இருந்தால் அது நிறுவனமே பிற்காலத்தில் சர்வீஸில் மாற்றிய டயலாக இருக்கும். அசலுக்குக் கீழே, மறுபூச்சுக்கு மேலே அதன் விலை. சர்வீஸில் கழற்றிய பழைய டயல் வாட்ச்சோடு வருகிறதா என்று கேளுங்கள்; எவ்வளவு கறுத்திருந்தாலும் அது வந்தால் விலை கூட்டித் தரலாம்.

அதேபோல, கறை படிந்த அசல் டயல் உங்களிடம் இருந்தால் அதைப் பூச்சுக்கு அனுப்பாதீர்கள். சர்வீஸுக்குக் கொடுக்கும்போதே ‘டயலைத் தொட வேண்டாம், துடைக்கவும் வேண்டாம்’ என்று ரசீதில் எழுதி வாங்குங்கள். பழைய லேக்கர் ஈரத் துணி பட்டாலே அச்சோடு சேர்ந்து வந்துவிடும். கழற்றும் அன்று முன்பக்கமும் முதுகும் படமெடுத்துத் தரச் சொன்னால், நாளை விற்கும்போது வாங்குபவர் கேட்கும் முதல் கேள்விக்கு அந்த இரண்டு படங்களே பதில்.